ஃப்ரீலான்ஸ் வருடங்களை ரெஸ்யூமேயில் காட்ட நான்கு வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

"நாலு வருஷமா ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பரா இருக்கேன். இப்போ நிரந்தர வேலைக்குப் போகணும். ரெஸ்யூமேயில் இதை எப்படிப் போடுறது?" இந்தக் கேள்வி தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்த்து, அழைப்பே வராமல் குழம்பியவர்கள். நண்பர் ஒருவர் ஒரு வழி சொல்வார், யூடியூபில் இன்னொரு வழி சொல்வார்கள்.

சென்னை, கோவை சாஃப்ட்வேர் நிறுவனங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருப்பதால், இந்த ரெஸ்யூமேக்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறேன். அங்கிருந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கு வேலை தெரியாது என்று யாரும் நினைப்பதில்லை. சொல்வதைச் சரிபார்க்க முடியாமல் போவதுதான் பிரச்சினை. அதனால் எந்த வழியையும் அழகை வைத்து எடைபோடாமல், சரிபார்ப்பில் நிற்குமா என்பதை வைத்தே இங்கே எடைபோடுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

மூன்று அளவுகோல்கள் போதும்.

ஒன்று, தேதிகள். ரெஸ்யூமேயைத் திறந்ததும் ரெக்ரூட்டரின் கண் போவது நிறுவனம், பதவி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்ற மூன்றுக்கும்தான். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது ஒரு மென்பொருள். அதுவும் இந்த மூன்றையும் தேடும்.

இரண்டு, சரிபார்ப்பு. ஆஃபர் கொடுத்த பிறகு பிஜிவி என்கிற பின்னணிச் சோதனை நடக்கும். வெளி நிறுவனம் ஒன்று நீங்கள் எழுதிய ஒவ்வொரு வேலையிடத்தையும் தொடர்புகொள்ளும். ரிலீவிங் லெட்டர், பேஸ்லிப், யுஏஎன் என்கிற பிஎஃப் கணக்கு எண் எல்லாம் கேட்கும். பிஎஃப் அமைப்பான இபிஎஃப்ஓவின் பதிவில் உள்ள தேதிகளோடு ரெஸ்யூமேயை ஒப்பிடும்.

மூன்று, ஆழம். தனியாக வேலை செய்தவர் குழுவில் நிற்பாரா, அடுத்தவர் எழுதிய கோடைத் தொடுவாரா, ஒரே வேலையில் நீண்ட காலம் இருப்பாரா என்ற சந்தேகங்களுக்கு அந்தத் தாளிலேயே பதில் இருக்கிறதா என்பது.

## எடுத்துக்காட்டுக்கு ஒருவர்

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, கோவையைச் சேர்ந்த ஒரு டெவலப்பரைக் கற்பனை செய்துகொள்வோம். 2018 ஜூன் முதல் 2020 ஆகஸ்ட் வரை ஒரு சிறு நிறுவனத்தில் பிஎச்பி டெவலப்பர். 2020 செப்டம்பர் முதல் ஃப்ரீலான்ஸ். திருப்பூரில் ஒரு பனியன் மொத்த வியாபாரிக்கு ஆன்லைன் ஆர்டர் தளம் செய்து கொடுத்தார். சென்னையில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிக்கு 26 மாதங்கள் தொடர்ந்து வேலை செய்தார். அந்தத் தளங்களில் ஏஜென்சியின் பெயர்தான் இருக்கும், இவர் பெயர் எங்கும் வராது. அப்வொர்க் வழியாக ஆஸ்திரேலியாவில் ஒரு பல் மருத்துவமனைக்கு முன்பதிவுத் தளம் ஒன்றை லாராவெலில் எழுதினார். இடையிடையே உள்ளூர்க் கடைகளுக்கு 15,000, 20,000 ரூபாய்க்குச் சின்னச் சின்ன வெப்சைட்கள். இப்போது சென்னையில் நடுத்தர அளவுள்ள நிறுவனம் ஒன்றில் பேக்எண்ட் டெவலப்பர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்.

## வழி 1: ஒவ்வொரு கிளையண்ட்டையும் தனி வேலையாகப் போடுவது

இது முதலில் மனதில் தோன்றும் வழி. திருப்பூர் வியாபாரியின் பெயர், கீழே "வெப் டெவலப்பர், 2020 நவம்பர் – 2021 மே". அடுத்து ஏஜென்சி. அதற்கடுத்து மருத்துவமனை. பார்க்க நிறைவாகத்தான் இருக்கும்.

முதல் அடி தேதியில் விழும். நாலு வருடத்தில் ஆறேழு இடங்கள், சிலவற்றில் மூன்று மாதம்கூட இல்லை. மேலோட்டமாகப் படிப்பவருக்கு இவர் ஓயாமல் வேலை மாறுகிறவர் என்றுதான் தோன்றும். ஒரே நேரத்தில் இரண்டு கிளையண்ட்டுகளுக்கு வேலை செய்திருந்தால் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதைப் பார்த்ததும், ஒரு வேலையில் இருந்துகொண்டே ரகசியமாக இன்னொன்றும் செய்யும் மூன்லைட்டிங் சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது அடி பெரியது. பிஜிவி நிறுவனம் ஏஜென்சியின் எச்ஆரைக் கூப்பிட்டு "இவர் உங்கள் ஊழியரா?" என்று கேட்கும். அவர் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. ஊழியர் பட்டியலைப் பார்த்து "அப்படி யாரும் இல்லையே" என்று உண்மையைத்தான் சொல்வார். உங்களுக்கு அங்கே ஊழியர் எண் கிடையாது, பிஎஃப் பிடிக்கவில்லை. ஏஜென்சி டிடிஎஸ் பிடித்திருந்தால்கூட அது சம்பளக் கணக்கில் இருக்காது, தொழில்முறைக் கட்டணம் என்ற தலைப்பில் இருக்கும். அறிக்கையில் சிவப்புக் குறி விழும். செய்த வேலை முழுக்க உண்மை, ஆனால் எழுதிய விதத்தால் அது பொய் அனுபவமாகப் பதிவாகிவிடும். வேலையில் சேர்ந்த பிறகு அறிக்கை வந்து, அனுப்பிவிட்ட சம்பவங்களும் உண்டு. இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு இதுதான்.

இது சரியாகப் பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரே நிறுவனத்தோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, ஒரு வருடமோ அதற்கு மேலோ, அவர்கள் குழுவோடு சேர்ந்து முழுநேரமும் வேலை செய்திருந்தால் அதைத் தனியாகப் போடலாம். அப்போதும் பதவிக்குப் பக்கத்தில் "ஒப்பந்த அடிப்படையில்" என்று எழுதியே ஆக வேண்டும். நம் கோவைக்காரரின் ஏஜென்சி வேலை இந்த வகைக்குப் பக்கத்தில் வரும். ஆனால் ஒப்பந்தத்தில் பெயரை வெளியிடக்கூடாது என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

## வழி 2: தேதியைப் பின்னுக்குத் தள்ளி, திறமைகளை முன்னே வைப்பது

"பேக்எண்ட் டெவலப்மென்ட்", "ஈ-காமர்ஸ்", "கிளையண்ட் மேலாண்மை" என்று திறமைத் தலைப்புகள் போட்டு, செய்ததையெல்லாம் அவற்றின் கீழே பிரித்து எழுதி, எங்கே எப்போது என்பதைக் கடைசியில் இரண்டு வரியில் முடிப்பது இந்த வழி.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: முழுநேர வேலைக்கு இது வேண்டாம். இந்த வடிவத்தைப் பார்த்ததும் அனுபவமுள்ள ரெக்ரூட்டர் கேட்கும் முதல் கேள்வி, "எதை மறைக்கிறார்?" என்பதுதான். மென்பொருளோ எந்தத் திறமை எந்த வருடத்தோடு சேரும் என்று தெரியாமல் அனுபவத்தைக் குறைத்துக் கணக்கிடும், சில சமயம் பூஜ்யம் என்றே பதிந்துவிடும். புதுக் கிளையண்ட்டுக்குப் ப்ரொபோசல் அனுப்ப இந்த வடிவம் நன்றாகவே உதவும். அதோடு அதன் வேலை முடிந்தது. துறையே மாறுகிறவர்கள், அதாவது பத்து வருடம் போட்டோகிராபி செய்துவிட்டு யுஐ டிசைனுக்கு வருகிறவர்கள், மேலே நாலு வரியில் திறமைச் சுருக்கம் வைத்து, கீழே தேதிவாரியாகவே எழுதலாம்.

## வழி 3: சொந்த நிறுவனத்தின் பெயரில் காட்டுவது

தனக்கென ஒரு பெயர் வைத்து, லோகோ போட்டு, "நிறுவனர்" என்றோ "சிஇஓ" என்றோ எழுதிக்கொள்வது. பெயர் உண்மையிலேயே பதிவாகி இருந்தால் இதற்கு ஒரு பலம் உண்டு. சரிபார்ப்பவர் தேடிப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. சிறு தொழில்களுக்கான உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி எண், அந்தப் பெயரில் கரண்ட் அக்கவுண்ட், அந்தப் பெயரிலேயே இன்வாய்ஸ்கள். உத்யம் பதிவு 2020 ஜூலையில் வந்தது. ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

தனிநபர் உரிமை நிறுவனத்துக்குத் தனி பான் எண் கிடையாது. உரிமையாளரின் பான் எண்தான் அதற்கும். அதனால் வருமான வரிப் பதிவுகளில் நிறுவனப் பெயரைத் தேடினால் எதுவும் கிடைக்காது, உங்கள் பெயர்தான் வரும். இரண்டையும் இணைக்கும் தாள் உத்யம் சான்றிதழோ ஜிஎஸ்டி சான்றிதழோதான். அது இல்லாமல் வெறும் பெயரை மட்டும் எழுதினால், இல்லாத கம்பெனியைக் காட்டியதாக ஆகிவிடும். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் உத்யம் எடுத்துக்கொண்டு நாலு வருடக் கதையை அதன்மேல் ஏற்றுவதும் உதவாது. சான்றிதழில் பதிவு தேதி அச்சாகியிருக்கும்.

இதன் மறைமுகச் செலவு பதவிப் பெயரில் இருக்கிறது. ஆள் எடுக்கும் மேலாளர் ஒருவர் "சிஇஓ" என்று எழுதிய, தனியாளாக வேலை செய்த டெவலப்பரைப் பார்த்தால் அவருக்கு இரண்டு பயம் வரும். இன்னொருவர் சொல்லிக் கேட்பாரா? நம்மிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்த பிசினஸையும் ஓட்டுவாரா? பிரைவேட் லிமிடெட்டோ எல்எல்பியோ ஆரம்பித்திருந்தால் இந்தப் பயத்துக்கு இன்னும் வலு கூடும், ஏனென்றால் நீங்கள் அதன் இயக்குநர் அல்லது பங்குதாரர் என்பது கம்பெனி விவகாரத் துறையின் பதிவில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. பல நிறுவனங்களின் வேலை ஒப்பந்தத்தில் வேறு தொழில் செய்யக்கூடாது என்ற விதி உண்டு. சேருவதற்கு முன் அந்தப் பொறுப்பிலிருந்து விலகச் சொல்வார்கள். அதைச் செய்யத் தயாரா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது நல்லது? இரண்டு மூன்று பேருக்கு உண்மையிலேயே சம்பளம் கொடுத்து வேலை வாங்கியவர்களுக்கு. அவர்கள் டீம் லீட், ப்ராஜெக்ட் மேனேஜர் வேலைக்குப் போகும்போது இதுதான் சரியான வடிவம், ஆள் மேலாண்மை அனுபவம் இதில் மட்டுமே முழுதாகத் தெரியும். தனியாள் என்றால் நிறுவனப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள், பதவியை "பேக்எண்ட் டெவலப்பர், சுயதொழில்" என்று இறக்கிவிடுங்கள்.

## வழி 4: ஒரே பதிவு, அதன் கீழே தேர்ந்தெடுத்த வேலைகள்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஃப்ரீலான்ஸ் காலம் முழுவதையும் ஒரே வேலையாகப் போடுங்கள். தலைப்பில் நீங்கள் விண்ணப்பிக்கும் வேலையின் பெயரும் சுயதொழில் என்ற சொல்லும் இருக்கட்டும். அதன் கீழே மூன்று கிளையண்ட் வேலைகள் மட்டும்.

தேதி அளவுகோலில் இது சுத்தம். 2020 செப்டம்பர் முதல் இன்றுவரை ஒரே கோடு. நடுவே வேலை இல்லாத இரண்டு மாதம் இருந்தாலும் தொழில் நடந்துகொண்டுதான் இருந்தது என்பதால் அது இடைவெளி ஆகாது. ஆனால் எட்டு மாதம் ஒரு இன்வாய்ஸ்கூட இல்லை என்றால் அந்தக் காலத்தை உள்ளே இழுத்துக்கொள்ளாதீர்கள், பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கும்போது அது தெரிந்துவிடும். லிங்க்ட்இன்னிலும் வேலை வகையில் சுயதொழில், ஃப்ரீலான்ஸ் என்ற தேர்வுகள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே மாதம், ஒரே பதவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பிலும் இது நிற்கும். நீங்கள் யாருடைய ஊழியர் என்றும் சொல்லவில்லை, அதனால் யாரும் மறுக்க முடியாது.

இந்த வழி தோற்பது கீழே எழுதும் வரிகளில். பலர் அதை விசிட்டிங் கார்டு மாதிரி எழுதிவிடுகிறார்கள்: "20க்கும் மேற்பட்ட வெப்சைட்கள், லோகோ டிசைன், எஸ்இஓ, ஹோஸ்டிங், சோஷியல் மீடியா." கடைக்காரரிடம் வேலை பிடிக்க இது உதவும். பேக்எண்ட் ஆள் தேடும் மேலாளருக்கு இதில் ஒன்றுமே இல்லை, இவர் எதிலும் ஆழமாக இறங்கவில்லை என்றுதான் படும்.

நம் கோவைக்காரரின் திருப்பூர் வேலையை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதியது: "பனியன் வியாபாரிக்கு வூகாமர்ஸ் தளம் உருவாக்கினேன்." உண்மையில் அங்கே நடந்தது என்ன? மொத்த வியாபாரத்தில் பனியனை ஒவ்வொன்றாக விற்பதில்லை. ஒரு பெட்டியில் 80, 85, 90, 95 சென்டிமீட்டர் அளவுகள் ஒரு விகிதத்தில் கலந்திருக்கும். வூகாமர்ஸ் ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகத்தான் எண்ணும். அதனால் கடைக்காரர்கள் ஒரு பெட்டிக்கு நாலு முறை தட்ட வேண்டியிருந்தது, சலித்துப்போய் மறுபடியும் வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் அனுப்பினார்கள். இவர் பெட்டியை ஒரே பொருளாக விற்று, ஸ்டாக்கை மட்டும் அளவுவாரியாகக் கழிக்கும் ப்ளக்இன் ஒன்றை எழுதினார். ஆர்டரை எக்ஸ்எம்எல் வழியாக டேலிக்கு அனுப்பி, கணக்குப்பிள்ளை மறுபடி தட்டச்சு செய்யும் வேலையையும் எடுத்துவிட்டார்.

ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும், பொருளை இங்கே தமிழில் தருகிறேன்:

> பேக்எண்ட் டெவலப்பர், சுயதொழில் | கோவை | 2020 செப்டம்பர் – இன்றுவரை
>
> பனியன் மொத்த வியாபாரி, திருப்பூர்: அளவு விகிதத்தில் பெட்டியாக ஆர்டர் எடுக்கும் வூகாமர்ஸ் ப்ளக்இன் எழுதினேன். ஆர்டர்களை டேலியோடு இணைத்து, கையால் பதிவதை நிறுத்தினேன்.
>
> டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி, சென்னை (26 மாதத் தொடர் ஒப்பந்தம்): ஏஜென்சியின் டெவலப்பர்களோடு ஒரே கிட் ரெபாசிட்டரியில் வேலை. மற்றவர்கள் எழுதிய பழைய தளங்களைத் திருத்தி, கோட் ரிவ்யூ முடித்து, ஒப்படைப்புக் குறிப்போடு கொடுத்தேன்.
>
> பல் மருத்துவமனை, ஆஸ்திரேலியா: லாராவெலில் முன்பதிவுத் தளம். ஒரே நேரத்தை இருவர் பதிவு செய்வதைத் தடுக்க டேட்டாபேஸ் அளவில் பூட்டு அமைத்தேன்.

இரண்டாவது வேலையைக் கவனியுங்கள். ஏஜென்சியின் பெயர் இல்லை, ஒப்பந்தம் மீறப்படவில்லை. ஆனால் குழுவில் நிற்பாரா, அடுத்தவர் கோடைத் தொடுவாரா, நீண்ட காலம் இருப்பாரா என்ற மூன்று சந்தேகங்களுக்கும் அந்த ஒரு பத்தியிலேயே பதில் வந்துவிட்டது. அதே நேரம், கிளையண்ட்டின் அட்மின் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்டர்வியூவில் காட்டாதீர்கள். நாளை எங்கள் தகவலையும் இப்படித்தான் காட்டுவார் என்று எதிரில் இருப்பவர் நினைப்பார்.

உள்ளூர்க் கடைகளின் சின்ன வெப்சைட்களை விட்டுவிட்டோம். இந்த வேலைக்கு அவை எதையும் கூட்டவில்லை. ஒரு வருடத்துக்கும் குறைவாக ஃப்ரீலான்ஸ் செய்தவர்களுக்கும், ஆழமாகச் சொல்ல ஒரு வேலைகூட இல்லாதவர்களுக்கும் இந்த வழி வெறுமையாகத் தெரியும். அவர்கள் பழைய நிரந்தர வேலையை விரிவாக எழுதி, ஃப்ரீலான்ஸை இரண்டு வரியில் முடிப்பது நல்லது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | தேதிகள் | சரிபார்ப்பு | ஆழம் | யாருக்கு |
|---|---|---|---|---|
| கிளையண்ட்டுகள் தனித்தனி வேலையாக | துண்டு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்றாக | சிவப்புக் குறி ஆபத்து அதிகம் | நடுத்தரம் | ஒரே நிறுவனத்தில் நீண்ட முழுநேர ஒப்பந்தம் உள்ளவர் |
| திறமைகள் முன்னே | மறைந்துபோகும் | எதைச் சோதிப்பது என்றே தெரியாது | சிதறிவிடும் | கிளையண்ட் ப்ரொபோசலுக்கு மட்டும் |
| சொந்த நிறுவனம் | தெளிவு | பதிவுத் தாள் இருந்தால் வலு | ஆள் மேலாண்மை தெரியும் | ஊழியர் வைத்து நடத்தியவர் |
| ஒரே பதிவு, மூன்று வேலைகள் | தெளிவு | வரித் தாள்களால் நிற்கும் | நன்றாக எழுதினால் மிக அதிகம் | பெரும்பாலான தனியாட்கள் |

## எந்த வழியானாலும் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பேஸ்லிப் இல்லாத இடத்தில் வரித் தாள்கள்தான் பேசும். ஏஜென்சி டிடிஎஸ் பிடித்திருந்தால் காலாண்டுக்கு ஒருமுறை 16ஏ படிவம் தர வேண்டும். வாங்காமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, வருமான வரித் தளத்தில் உங்கள் 26ஏஎஸ் அறிக்கையை இறக்கிப் பாருங்கள். பணம் கொடுத்தவரின் பெயர், தேதி, தொகை எல்லாம் அதில் இருக்கும். இதில் கிளையண்ட்டின் பெயர் வெளியே தெரியும் என்பதால், ரகசிய ஒப்பந்தம் இருந்தால் பிஜிவி நிறுவனத்துக்கு மட்டும் கொடுங்கள், இன்டர்வியூவில் கொடுக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியப் பணத்துக்கு, அந்நியச் செலாவணி வந்ததற்கான சான்றை வங்கியிடமோ பணம் அனுப்பிய தளத்திடமோ வாங்கலாம்.

திருப்பூர் வியாபாரிதான் சிக்கல். அவர் ஜிபேயில் பாதி, ரொக்கமாகப் பாதி கொடுத்திருப்பார். இன்வாய்ஸ்கூட இருக்காது. பழைய தேதி போட்டு இன்வாய்ஸ் தயாரிக்காதீர்கள், அது போலி ஆவணம். இன்றைய தேதியிலேயே, அவரது லெட்டர்பேடில், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்ன வேலை செய்து கொடுத்தீர்கள் என்று ஒரு கடிதம் வாங்குங்கள். ஃபோன் எண்ணும் சீலும் இருக்கட்டும். பிஜிவியிலிருந்து அழைப்பு வரும் என்று அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து "இவர் உங்களிடம் வேலை பார்த்தாரா?" என்று கேட்டால், "நம்மகிட்ட அப்படி யாரும் வேலை பார்க்கலையே" என்று அவர் வைத்துவிட வாய்ப்பு அதிகம்.

## கடைசி சம்பளம் என்ற கட்டம்

விண்ணப்பத்தில் தற்போதைய சிடிசி, அதாவது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, கேட்பார்கள். ஃப்ரீலான்ஸ் ஆட்கள் பலரும் இங்கேதான் பணத்தை இழக்கிறார்கள். உத்தேச வருமான முறையில் ஐடிஆர்-4 தாக்கல் செய்கிற ஒரு ப்ரொஃபெஷனல், மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். கோவைக்காரரின் வரவு 7,20,000 ரூபாய் என்றால், அவரது ஐடிஆரில் வருமானம் 3,60,000 என்று நிற்கலாம். எச்ஆர் அந்த எண்ணைப் பார்த்து, அதன்மேல் 30 சதவீதம் கூட்டி 4,68,000க்கு ஆஃபர் போட்டால், மனிதர் கையில் வருவதைவிடக் குறைவுக்குச் சம்மதிக்கும் நிலை வந்துவிடும்.

ஐடிஆர் நகலை அனுப்பும்போதே அதில் மொத்த வரவு இருக்கும் பகுதியைக் குறித்து, "ஆண்டு மொத்த வரவு இது, வரிக்கான வருமானம் உத்தேச முறையில் கணக்கிடப்பட்டது" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மொத்த வரவு முழுவதும் சம்பளத்துக்குச் சமம் என்றும் வாதாட வேண்டாம். ஹோஸ்டிங், லேப்டாப், இன்டர்நெட், அப்வொர்க் கமிஷன் எல்லாம் அதிலிருந்துதான் போயிருக்கும். அவற்றைக் கழித்து, 6,00,000 கையில் நின்றது என்றால் அந்த எண்ணைக் கணக்கோடு சொல்லுங்கள். சிடிசியில் நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் சேர்ந்திருக்கும் என்பதால், உங்கள் 6,00,000த்தை அவர்கள் சொல்லும் 6,00,000த்தோடு அப்படியே ஒப்பிடாமல், மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

நோட்டீஸ் பீரியட் கட்டத்தில் "உடனே சேரலாம்" என்று போடும் முன், நடந்துகொண்டிருக்கும் வேலைகளை முடிக்க எத்தனை நாள் வேண்டும் என்று பார்த்து அதையே போடுங்கள். 15 நாள், 30 நாள் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கமான கணக்குதான்.